வாசுகி எழுதிய இரண்டு வரி

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் எங்கள் காப்புறுதி அலுவலகத்தில் வாசுகிக்கு வாயாடி என்று பெயர். நான் பக்கத்து மேசைக்காரி. சொல்கிறேன், அந்த வாய் இல்லாவிட்டால் ஒரு குடும்பம் ஏமாந்திருக்கும்.

முதன்முதலாகக் குறித்த காலக் காப்புறுதி எடுப்பவர்களுக்கு எளிய தமிழில் ஒரு கடிதம் எழுதும் வேலை அவளுடையது. பத்திரத்தில் இருந்தது இது: "முன்மொழிபவர் வினவப்பட்ட தகவல்களைப் பிழையாக எடுத்துரைப்பின், ஒப்பந்தத்தைத் தவிர்க்கவோ நிபந்தனைகளை மாற்றவோ நிறுவனம் உரிமையுடையது." இதைப் படித்துப் புரிந்துகொள்பவனுக்குக் கோயில் கட்டலாம்.

வாசுகி இப்படி மாற்றினாள்: "கிளினிக்கில் எந்த மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாலும் படிவத்தில் சொல்லுங்கள். தவறாகச் சொன்னால், நீங்கள் இறந்தபின் குடும்பத்துக்குப் பணம் குறையலாம், கிடைக்காமலும் போகலாம்." அதற்கு மேலே, காப்புறுதிக் காலம் முடியும்வரை உயிரோடிருந்தால் கட்டியது திரும்ப வராது என்றும் எழுதியிருந்தாள்.

மேலாளர் டெஸ்மண்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சாவப் பத்தி எழுதுனா எவன்லா வாங்குவான்? பழசயே போடு."

"சாவுக்குத்தானே பாஸ் விக்கிறோம்?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. விற்கும்போது தேன் ஒழுகும் வாய், நிபந்தனை சொல்லும்போது மட்டும் ஏன் பூட்டிக்கொள்கிறது?

அன்று சிடாம் கிரியிலிருந்து யோகேந்திரன் மனைவி நளினியோடும் கைக்குழந்தையோடும் கையெழுத்துப் போட வந்திருந்தான். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். படிவத்தில் நோய் எதுவும் இல்லை என்றிருந்தது. டெஸ்மண்ட் பழைய வரியைக் கடகடவென்று வாசித்தார். யோகேந்திரன் "சரிண்ணே, சரிண்ணே" என்று தலையாட்டிப் பேனாவை எடுத்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம்," என்று வாசுகி தன் கடிதத்தை நீட்டினாள்.

அவன் விரல் வைத்துப் படித்தான். விரல் நின்றது.

"இனிப்பு நீர் மாத்திரையுமாக்கா? அது நோயில்லையே. எங்க லயத்து வீடுகள்ல பாதிப் பேரு போடுறாங்க, போட்டுட்டு வேலைக்குப் போறாங்க."

பொய் சொல்லவில்லை அவன். சர்க்கரைக்கு மாத்திரை போட்டாலும், படுத்துக் கிடந்தால்தான் நோய் என்று நம்பி வளர்ந்தவன்.

"அதுவும்தான் தம்பி. எழுது," என்றாள் வாசுகி.

டெஸ்மண்ட் பல்லைக் கடித்தார். எழுதினால் இரத்தப் பரிசோதனை வரும், மாதக் கட்டணம் ஏறலாம், அவருடைய இந்த மாத விற்பனைக் கணக்கும் விழும். "சின்ன விஷயம்லா, யாரு பார்க்கப் போறா?" என்றார்.

"செத்த பிறகு குடும்பம் பணம் கேட்டா பார்ப்பாங்க பாஸ். கிளினிக் கார்டத்தான் முதல்ல கேப்பாங்க," என்றாள் வாசுகி.

யோகேந்திரன் பேனாவை மூடிப் புதுப் படிவம் கேட்டான். நளினி குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு டெஸ்மண்டைப் பார்த்தாள்.

"அண்ணே, இவரு மாத்திரையச் சொல்லாம இப்பக் கையெழுத்துப் போட்டு, அடுத்த மாசமே ஏதாவது ஆயிருந்தா, நான் புள்ளயத் தூக்கிட்டு இங்கதானே வந்திருப்பேன். அப்ப எனக்கு இந்தப் பழைய வரியத்தான் வாசிச்சுக் காட்டியிருப்பீங்களா?"