மணி அச்சுக்கு எத்தனை டம்ளர்

என் நாத்தனாருக்குச் சோழவந்தானில் சம்பந்தம் பேசி முடித்தபோது, கல்யாண கேக்கை நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மிஷன் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற திமிர் எனக்கு அப்போது கொஞ்சம் உண்டு. மாப்பிள்ளையின் அம்மா உடனே ஒரு தகர அச்சைக் கொடுத்தனுப்பினார். கப்பலேறிப் போன வெள்ளைக்காரம்மா ஒருவர் விட்டுச்சென்றதாம். மாதாகோயில் மணியைத் தலைகீழாக வைத்தது போல, அடி குறுகி வாய் அகன்றிருந்தது.

யுத்த காலம். சீனிக்கு ரேஷன். சேர்த்துவைத்த சீனி ஒரே ஒரு கேக்குக்குத்தான் காணும். மாவு வழிந்தாலும் சரி, பாதியில் நின்றாலும் சரி, சம்பந்தி வீட்டார் முன்னால் என் மானம் போய்விடும்.

பானை வைக்கும் பிரிமணையில் அச்சை நிறுத்தி, டம்ளர் டம்ளராக விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். ஒன்பது பிடித்தது. நான் வழக்கமாகக் கேக் செய்கிற வட்டத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் ஆறு. அந்தத் தட்டுக்கு நாலு முட்டை போட்டால் கரைத்த மாவு நாலு டம்ளர் வரும். மீதி இடத்துக்கு வேகும்போது உப்பி எழும்பும். அப்படியானால் இதற்கு ஒன்றரை மடங்கு: ஆறு முட்டை, ஆறு டம்ளர் மாவு. பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், தண்ணீரையே வேகவைக்கப் போகிறாயா என்று கேட்டார். அவருக்கு என் கவலை எதுவும் இல்லை. கல்யாண வீட்டில் பாத்திரத்தை அரைகுறையாக வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அச்சை ஈரமில்லாமல் துடைத்து, வெண்ணெய் தடவி, மாவை அளந்து ஊற்றினேன். ஆறாவது டம்ளர் விழுந்ததும், வெந்தால் வழிந்துவிடும் என்று பயந்துபோனேன். மாவு விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அச்சு மேலே அகலமானது, அந்த இரண்டு விரலிலேயே மூன்று டம்ளர் இடம் இருக்கிறது என்று கணக்குக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லையே. ஒரு டம்ளரை எடுத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு அளந்து ஊத்துனதத் திருப்பி அள்ளுறதா? அம்புட்டும் அதுலயே இருக்கட்டும்."

அச்சை அண்டாவின் சூடான மணலில் பதித்து, மூடிமேல் கங்கு போட்டோம். குத்திப் பார்த்த ஈர்க்குச்சி மாவு ஒட்டாமல் வரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். கேக் விளிம்போடு விளிம்பாக வந்து நின்றது. ஒரு சொட்டு வழியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இந்த அச்சில் தமக்கு ஒருதரம்கூடச் சரியாக வந்ததில்லை என்றார். என் மாமியார் கையைப் பிடித்துத் தடுத்ததால்தான் வந்தது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியாரே முந்திக்கொண்டார்.

"எம் மருமக தண்ணிய ஊத்தி அளந்தாள்ல. எப்படித் தப்பும்?"