பயத்துக்கு வைத்த தொகை

பேட்டையில் இரும்புப் பட்டறை வைத்திருந்த அவர் என் அலுவலகத்துக்கு முதலில் வந்தபோது, தன் மேல் உள்ள குற்றத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்.

"பிந்தினது நாந்தான் வக்கீலம்மா. அதுக்காக மண்டபத்துக்காரர் மிச்சத் தொகை மொத்தத்தையும் பிடிச்சு வச்சுக்கிடுதாரே, நியாயமா?"

ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்திருந்தார். பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு கழிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"கையெழுத்துப் போட்டாச்சுன்னா அவ்வளவுதானா?" என்றார்.

"இல்லை அண்ணாச்சி. நம்ம ஒப்பந்தச் சட்டத்துல எழுபத்தி நாலாவது பிரிவு இருக்கு. அந்தக் கழிவுத் தொகையை நஷ்டஈடுன்னு எழுதினாலும் தண்டம்னு எழுதினாலும் ஒண்ணுதான். எழுதின தொகை உச்சவரம்பு. அதுக்குள்ள நியாயமானதை மட்டும் கோர்ட் கொடுக்கும். நஷ்டமே இல்லேன்னா ஒண்ணும் கிடையாது. நஷ்டத்தை அளக்க முடியாத விஷயத்துல, முன்கூட்டியே நேர்மையா மதிப்புப் போட்டிருந்தா அதையே ஏத்துக்கிடலாம். அளக்க முடியும்னா நிரூபிச்சாகணும்."

வழக்குப் போட்டோம். அதற்குப் பிறகு வாய்தாக்கள்தான். நீதிபதி மாறினார், புதியவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பல நாள் பாளையங்கோட்டைக் கோர்ட் வராந்தாவில் அண்ணாச்சியும் நானும் பேச எதுவுமில்லாமல் நின்றிருக்கிறோம். பட்டறையைப் பூட்டிவிட்டு வருகிறவரிடம் ஒவ்வொரு முறையும் "அடுத்த வாய்தா" என்று சொல்ல எனக்கே அலுத்துவிட்டது.

ஒருவழியாக மண்டபத்துக்காரர் கூண்டில் ஏறினார்.

"நாளுக்கு இவ்வளவுன்னு எதை வச்சு முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"எதை வச்சு? பயம் இருந்தாத்தானம்மா வேலை நடக்கும்."

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"கூரை பிந்தினதால எத்தனை கல்யாணம் தவறிப் போச்சு?"

"ஒண்ணு. அவங்க வேற மண்டபத்துக்குப் போயிட்டாங்க."

"வேற?"

"வேற யாரும் பதிஞ்சிருக்கலை."

தீர்ப்பு அந்தப் பதில்களையே பற்றி நின்றது. தொகை நேர்மையான மதிப்பீடு அல்ல, மிரட்டுவதற்கு வைத்தது. மண்டப வாடகை அளக்கக்கூடிய நஷ்டம். நிரூபணமானது ஒரு கல்யாணத்தின் வாடகை மட்டுமே. அதைக் கழித்துக்கொண்டு மீதியை வட்டியோடு கொடுக்கச் சொன்னார் நீதிபதி.

வெளியே வந்ததும் அண்ணாச்சி சிரிப்பார் என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கல்யாணத்துக்கு உள்ளதை நான் தந்திருதேன்னு அன்னைக்கே அவருகிட்ட சொன்னேன் வக்கீலம்மா. கேக்கலை."

என்னிடம் இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சில வாரம் கழித்து, மணிமுத்தாறு பக்கம் ஒரு கிடங்குக் கூரைக்கான ஒப்பந்தத்தோடு வந்தார். அதிலும் நாளுக்கு இவ்வளவு என்றிருந்தது. தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

"கேட்டா வேலை வேற ஆளுக்குப் போயிரும்" என்றபடி பேனாவுக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன்.