நகத்தில் நின்ற எண்ணெய்த் துளி

பெண்களின் நகத்தைத் திருத்திப் பூச்சுப் போடும் நகக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு சின்னவளுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோயிற்று. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தே, இது கடித்த நகம், இது சோப்புத் தண்ணீரில் ஊறிய நகம், இது ஜெல் பாலிஷைப் பிய்த்தெடுத்த நகம் என்று சொல்லிவிடுவாள். தெருவில் யாராவது சிரித்தால் திருதிருவென்று விழிப்பாள். அவர்கள் கையை நீட்டினால்தான் “அட, நீங்களா?” என்பாள். வயது நாற்பதைத் தாண்டியும் அவளுக்குச் சின்னவள் என்ற பெயர் நிலைத்துப்போனதற்குக் காரணம் அவளுடைய அக்கா. அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியவள் அக்காதான். புருஷனைச் சீக்கிரமே இழந்தவள், பிள்ளை இல்லாதவள். மாணவர் விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கழுவித் தங்கையைத் தொழில் படிக்க வைத்தவள். மாடியில் இரண்டு அறை, அக்கா தங்கை இருவர், ஒரு குளிர்பதனப் பெட்டி. அவ்வளவுதான் குடும்பம்.

கடை என்றால் பெரிய கற்பனை வேண்டாம். வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிக் கதவு, இரண்டு நாற்காலி, ஒரு மேசை விளக்கு, மனசிருந்தால் மட்டும் சுற்றும் புகைபோக்கி விசிறி. சுவரில் மூன்று தட்டு. வருகிற பெண்கள் உடைந்த நகத்தை நீட்டி, இதில் எது நல்லது என்று கேட்பார்கள். முதலாளியம்மாவுக்கு எல்லாமே நல்லது, விலை கூடியது இன்னும் நல்லது. சின்னவளுக்கு அப்படிப் பேச வாய் வராது.

மேல்தட்டில் இருப்பது எண்ணெய். பாதாம், ஜோஜோபா, கொஞ்சம் வைட்டமின் ஈ. நகம் என்பது மெல்லிய தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிய அடுக்கு. தண்ணீரில் ஊறி உப்பி, காய்ந்து சுருங்கி, திரும்ப ஊறினால் அடுக்கு பிரியும். கை கழுவிய கையோடு எண்ணெயைத் தேய்த்தால் நகம் வளைந்து கொடுக்கும், நுனி உரியாது. ஆனால் அது நகத்தைக் கெட்டியாக்காது. நடுத்தட்டில் இருப்பது வலுவூட்டி. நைலான் இழையும், நகத்தின் புரதமான கெரட்டினும் கலந்த பூச்சு. உடைந்த காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி மேலே நின்று தாங்கும், பாலிஷ் அழிக்கும் அசிட்டோனால் துடைத்தால் போய்விடும். கீழ்த்தட்டில் இருப்பது கெட்டியாக்கி. அதில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம். அது நகத்தின் இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கும். முதல் இரண்டு வாரம் நகம் கல் மாதிரி நிற்கும். அதோடு நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் பூசினால் வளையத் தெரியாத நகமாகி, பட்டென்று குறுக்கே முறியும். முறிந்த உடனே நம் பெண்கள் என்ன செய்வார்கள்? இன்னும் ஒரு பாட்டில் வாங்குவார்கள். முதலாளியம்மா வீடு கட்டியதே அப்படித்தான். இவை போகக் கால்சியம் பாட்டில் ஒன்று உண்டு. நகத்தின் உறுதிக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சின்னவள் ஒருமுறை வாயைத் திறந்ததற்கு, ஒரு வாரம் கடையில் அவளோடு யாரும் பேசவில்லை.

இவ்வளவு தெரிந்தவள்தான் தன் அக்காவின் நகத்தில் கோட்டை விட்டாள்.

அக்காவின் நகம் உடைய ஆரம்பித்தபோது யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. நாளெல்லாம் தண்ணீரிலும் காரச் சோப்பிலும் கிடக்கிற கை. சின்னவள் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டால் பாத்திரத்தின் பிசுக்கு தெரியவில்லை என்று அக்கா கழற்றி எறிந்தாள். சரி என்று எண்ணெயில் தொடங்கினாள். சாப்பிட்டு முடித்ததும் அக்காவின் கையை மடியில் போட்டுக்கொண்டு விரல் விரலாகத் தேய்ப்பாள். அக்கா மறு கையால் பனிக்கட்டியை எடுத்து வாயில் போட்டுக் கடக் கடக்கென்று மென்றபடி, ஊரார் கைக்கெல்லாம் சம்பளம் வாங்குகிறாய், என் கைக்கு யார் கொடுப்பார் என்று வம்புக்கு இழுப்பாள்.

எண்ணெய் வேலை செய்தது. அதுதான் பாவம். நுனி உரிவது உண்மையிலேயே குறைந்தது. காரணம் தண்ணீர்தான் என்று சின்னவள் நினைத்தது பாதி சரியாக இருந்ததால், மீதிப் பாதியை அவள் தேடவே இல்லை. ஒருநாள் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். வழியவில்லை. நகத்தின் நடுவில், கரண்டிக்குள் நிற்பதுபோல அப்படியே நின்றது. சின்னவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வழிந்து வீணாகாமல் மெதுவாக ஊறும் என்று நினைத்தாள். நகம் மேல்நோக்கி வளையாமல் ஏன் உள்ளே குழிந்திருக்கிறது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆயிரம் கையைப் பார்த்த கண் அது. அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அப்புறமும் நகம் காகிதமாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கெட்டியாக்கி பூசினாள், நிறுத்தவேண்டிய நாளில் சரியாக நிறுத்தினாள். குழிந்தபடியே கெட்டியானது, பிறகு முறிந்தது. அதற்குமேல் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நகக்காரி வீட்டிலேயே இப்படி ஒரு நகமா? குழியைச் சமன்செய்யும் பூச்சைப் போட்டாள், அதன்மேல் இழைப் பூச்சு, அதன்மேல் அடர்ந்த ரோஜா நிறப் பாலிஷ். பத்து விரலும் கடைக் கண்ணாடியில் வைக்கலாம் போல ஆகிவிட்டது. விடுதிச் சமையலறையில் எல்லாரும் கையைப் பிடித்துப் பார்த்தார்களாம். கலைகிறபோதெல்லாம் சின்னவள் திரும்பப் போட்டாள். ஒரு வருஷம் போட்டாள்.

இடையில் அக்காவுக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. தெருமுனை டாக்டரிடம் சின்னவள்தான் கூட்டிப்போனாள். வெளியே கூட்டம் நெரிந்தது. அவர் அக்காவின் விரலைப் பிடித்து, வெளுப்பு தெரிகிறதா என்று நகத்தை அழுத்திப் பார்த்தார். ரோஜா நிறம் அப்படியே பளபளத்தது. வேலை செய்கிற கை மாதிரியே இல்லையே என்று சிரித்தார். வயதுதான் காரணம், சத்து மாத்திரை சாப்பிடட்டும், கேட்காவிட்டால் ரத்தம் சோதிக்கலாம் என்று அனுப்பிவிட்டார். விடுதியில் தேர்வு நேரம் என்று அக்கா திரும்பப் போகவில்லை. அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் டாக்டரே பாராட்டிய தன் கைவேலையைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள் சின்னவள். அந்தப் பூரிப்பைத்தான் பின்னாளில் அவளால் தாங்க முடியவில்லை.

அக்கா கழுவும் தொட்டியின் அருகிலேயே மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் அளக்க நர்ஸ் விரலில் மாட்டிய கிளிப்பில் எண் சரியாக ஏறவில்லை. பாலிஷை எடுக்கச் சொன்னாள். சின்னவளின் பைக்குள் எப்போதும் அசிட்டோன் இருக்கும். கட்டிலோரம் உட்கார்ந்து பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ரோஜா போயிற்று, இழை போயிற்று, சமன்பூச்சு போயிற்று. அடியில் இருந்தது சுண்ணாம்பு வெளுப்பில், எல்லாமே கரண்டியாகக் குழிந்த பத்து நகம்.

பணியில் இருந்த இளம் டாக்டரம்மா விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். ஐஸ் மெல்லுகிற பழக்கம் உண்டா என்று கேட்டாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உடம்புல இரும்புச்சத்து சுத்தமா இல்லை. அதனாலதான் நகம் இப்படிக் குழியும், ஐஸ் மெல்லத் தோணும். இது நேத்து இன்னிக்கு வந்தது இல்லை. பாலிஷ் போட்டவங்க யாரும் கவனிச்சுச் சொல்லலையா?”

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலில் கிடந்தவள் முந்திக்கொண்டாள்.

“நானேதான் போட்டுக்குவேன் டாக்டர். சும்மா ஒரு ஆசை.”

இரும்புச்சத்து எங்கே போகிறது என்று தேடியபோது பெருங்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. மாதக்கணக்காகச் சிறுகச் சிறுக ரத்தம் கசிந்திருக்கிறது. வெளியே சிவப்பாகத் தெரிந்திருந்தாலாவது பயந்திருப்பார்கள். கட்டி கல்லீரல் வரை பரவிவிட்டது. வெட்டி எடுத்துப் பயனில்லை, கடும் மருந்தை அக்காவின் உடம்பு தாங்காது என்றார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் என்று பெரிய டாக்டர் பேச்சைத் தொடங்கி, சின்னவளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு நாள் என்று கேட்டாள். மூன்று மாதம் தாண்டினால் பெரிசு என்றார். இனி முடிந்தவரை தெம்பாக வைத்திருக்கலாம் என்று ரத்தமும், நரம்பு வழியாக இரும்பு மருந்தும் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சின்னவள் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டில் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இப்போதுதான் அவளுக்கு முகங்கள் தெரிய ஆரம்பித்திருந்தன. கைகளைப் பார்க்கத்தான் முடியவில்லை. கொஞ்சம் வெளிறிய நகத்தோடு யார் வந்தாலும், முதலில் ரத்தம் சோதித்துவிட்டு வாருங்கள் என்றாள். வந்தவர்கள் முறைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்ப் பூசிக்கொண்டார்கள். முதலாளியம்மா, இது நகக்கடையா ஆஸ்பத்திரியா என்று கேட்டாள். சின்னவள் அடுத்து வந்தவளிடமும் அதையே சொன்னாள். யாரையும் காப்பாற்றி அவள் மனம் ஆறப்போவதும் இல்லை.

வீட்டில் அக்கா ஒரு வழக்கத்தை மட்டும் விடவில்லை. சாப்பாடு என்ற பெயரில் இரண்டு வாய் விழுங்கிவிட்டுக் கையைத் தங்கையின் மடியில் போட்டுவிடுவாள். தேய்க்கச் சொன்னால் தேய்க்கத்தானே வேண்டும். விரல்கள் எலும்பாகிவிட்டன. மோதிர விரலைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும் போல இருந்தது. சின்னவள் தலையைத் தூக்காமல் தேய்ப்பாள். டாக்டரிடம் ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று கேட்க நினைப்பாள். கேட்டால் அக்கா ஏதாவது கிண்டலாகச் சொல்லிவிடுவாள், அதற்குச் சிரிக்கவேண்டியிருக்கும் என்று விட்டுவிடுவாள்.

அப்படி ஒரு நாள் அக்கா தன் கட்டைவிரலைத் தானே கண்ணருகே கொண்டுபோனாள். சிரமப்பட்டுத் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏய், இங்க பாருடி. அடியில புதுசா வருது.”

சின்னவள் பார்த்தாள். நகத்தின் அடியில், தோலை ஒட்டி, நெல் அகலத்துக்கு ஒரு பட்டை. வழவழப்பாக, இளஞ்சிவப்பாக, மேல்நோக்கி அழகாக வளைந்து, எந்தக் குறையும் இல்லாத நகம். ஏற்றிய ரத்தமும் இரும்பும் செய்த வேலை அது. உள்ளே எல்லாம் அழிந்துகொண்டிருக்கும்போது, ஒரு வருஷம் அவள் மன்றாடிக் கேட்ட நகம் இப்போது வந்து நிற்கிறது. அதற்கு முன்னால், பழைய குழி நகம் உடைந்தபடி நுனிவரை நீண்டிருந்தது.

“உன் எண்ணெய் கடைசியில வேலை செஞ்சிருச்சு பாரு. நான்தான் உன்னைக் கிண்டல் பண்ணிட்டே இருந்தேன்.” அக்காவின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. அதில் கிண்டல் துளியும் இல்லை, தங்கையைத் தேற்றுகிற நடிப்பும் இல்லை. அவள் உண்மையாகவே நம்பினாள்.

சின்னவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

“இது நுனி வரைக்கும் வர எவ்வளவு நாள் ஆகும்?”

கடையில் தினமும் யாராவது கேட்கிற கேள்வி. விரல் நகம் முழுதாக வளர ஆறு மாதம் ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இந்தப் பட்டை வந்த பிறகும் இன்னும் நாலு மாதமாவது வேண்டும்.

“சீக்கிரம் வந்துரும்க்கா.”

“வந்ததும் பாலிஷ் எதுவும் வேண்டாம்டி. வெறும் நகமாவே இருக்கட்டும். நாலு பேர் பார்க்கட்டும்.”

சரி என்றாள் சின்னவள். அடுத்த விரலை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.