படத்தின் மூலையில் நான் தொட்ட இடம்

பதுளை பஸாரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், கோயில் திருவிழா என்று ஓடும். அதோடு கொழும்பிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இந்தப் பக்கத்துப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா போன் எடுத்தார். கொழுந்து பறிக்கிறவர். அவர் மகளின் சடங்குக்குப் படம் எடுத்ததில் பழக்கம். தாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு வெடித்திருக்கிறது, தோட்டத்து ஆபீஸில் சொல்லியும் யாரும் வரவில்லை, பத்திரிகையில் போட முடியுமா என்று கேட்டார். அன்றைக்கே பஸ் ஏறிப் போனேன்.

லயத்தின் பின்சுவருக்கு இருபதடி மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, வெடிப்பு வளைந்து ஓடியது. அக்கா குனிந்து கையை உள்ளே விட்டுக் காட்டினார். முழங்கை வரை போயிற்று. ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டே படம் எடுத்தேன்.

கடைக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது, படத்தின் வலது மேல் மூலையில் என் குடையின் கறுப்பு ஓரம் விழுந்திருந்தது. வெட்டி எடுத்தால் லயத்தின் கூரையும் போய்விடும். கல்யாணப் படங்களில் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். மூலையைத் தேர்ந்தெடுத்து, ஏ.ஐ. நிரப்பும் கருவியை அழுத்தினேன். குடை போய், அந்த இடத்தில் தேயிலைச் செடிகளும் கொஞ்சம் மூடுபனியும் வந்தன. பத்து விநாடி வேலை. செய்திப் படத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். பத்திரிகைக்கு ஈமெயிலில் அனுப்பினேன், அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி.

பத்திரிகை அதைத் தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டது. மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து அதிகாரி ஒருவர் மறுநாள் வெடிப்பைப் பார்க்க வருவதாக அக்காவுக்குத் தகவல் போனது. எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் யாரோ அந்தப் பதிவின் மூன்று புள்ளியை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ‘ஏ.ஐ. தகவல்’ என்று ஒரு குறிப்பு இருந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘வெடிப்பே பொய், மெஷின் கீறின படம்’ என்று எழுதி வாட்ஸ்அப் குழுக்களில் விட்டுவிட்டார்கள். பத்து மணிக்குள் அது என் போனுக்கும் வந்தது. அக்காவும் அழைத்தார்.

“தம்பி, கச்சேரி ஐயா இன்னைக்கு வர மாட்டாராம். பொய்ப் படம்னு சொல்றாங்களாமே. மழை வேற பெஞ்சுக்கிட்டே இருக்கு. நாங்க என்னங்க செய்யிறது?”

பிறகு அழைக்கிறேன் என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

நான் பத்திரிகைக்கு அனுப்பிய கோப்பை எடுத்து, இந்தக் குறிப்புகளைப் படித்துக் காட்டும் இணையதளம் ஒன்றில் போட்டேன். கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ் என்பார்கள். படத்தோடு சேர்ந்தே போகும் கையொப்பமிட்ட பதிவு அது. அதில் எல்லாம் இருந்தது: எந்த மென்பொருள், எந்த நாள், ஏ.ஐ. கருவி பயன்பட்டது என்ற வரி, திருத்துவதற்கு முன் இருந்த படத்தின் சிறிய உருவம். நகம் அளவுக்கு இருந்த அந்த உருவத்தில் குடையின் ஓரம்கூடத் தெரிந்தது. ஆனால் படத்தில் எந்த இடத்தைத் தொட்டேன், எவ்வளவு தொட்டேன் என்று அதில் எங்கும் இல்லை. மூலையில் கை வைத்தவனுக்கும், வெடிப்பையே வரைந்தவனுக்கும் அந்த வரி ஒன்றுதான்.

கடையில் என்னோடு இருந்த மனைவி திரையைப் பார்த்துவிட்டு, அந்தக் குறிப்பு இல்லாமல் மறுபடி போட முடியாதா என்று கேட்டாள். முடியும். அது எனக்கும் தோன்றியிருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே போதும். அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் போன பிரதியைத் திரும்ப வாங்கி அதே தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே காட்டவில்லை. அதே குடை அழிந்த படம்தான், குறிப்பு மட்டும் கழன்றுவிட்டது. குறிப்பு இல்லாத படம் நல்ல படம் என்று அர்த்தமில்லை என்பதை என் படத்தை வைத்தே கண்டேன். அந்தப் பிரதியைப் போட்டு, நாளைக்கு இதுவும் தெரியவந்தால், அதற்குப் பிறகு அந்த லயத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எடுபடாது. வேண்டாம் என்றேன்.

மதியம் பத்திரிகையின் படப் பிரிவிலிருந்து பொறுப்பாசிரியை அழைத்தார். சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“நீங்க எதையாவது மாத்தினீங்களா?”

“ஆமாங்க மேடம். மூலையில என் குடை தெரிஞ்சிச்சு. அத எடுத்துட்டேன். வெடிப்புல கை வைக்கல.”

 கேமரா கார்டில் உள்ள மூலக் கோப்பை அப்படியே அனுப்பச் சொன்னார். வாட்ஸ்அப்பில் வேண்டாம் என்றார். கல்யாண வேலைக்கு அந்தக் கார்டை அழித்துவிட்டேனா என்று சந்தேகம் வந்தது. பையைக் கொட்டித் தேடி எடுத்தேன். இருந்தது.

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு அவரே திரும்ப அழைத்தார். மூலையைத் தவிர வேறெங்கும் மாற்றம் இல்லை, குடையோடு இருக்கிற மூலப் படத்தைத் திருத்தக் குறிப்போடு போடுகிறோம் என்றார். இனி கொஞ்ச காலத்துக்கு என்னிடம் படம் வாங்க மாட்டோம் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு நான் கச்சேரிக்குப் போனேன். அதிகாரி சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவற்றை மடிக்கணினியில் காட்டினேன். அப்படியானால் அந்தக் குறிப்பு பொய்யா என்று கேட்டார்.

“இல்ல சேர். குறிப்பு சரி. தப்பு செஞ்சது நான்தான். ஆனா எங்க செஞ்சேன்னு அது சொல்லாது.”

மூலக் கோப்பில் பதிந்திருந்த நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டு, இதை நம்பலாமா என்றார். ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் என் கேமரா கையொப்பம் இடாது. அந்த நேரத்தை யாரும் மாற்றி எழுதலாம். அதையும் சொன்னேன். சொல்லும்போதே எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

“படத்த வச்சு முடிவெடுக்க வேணாம் சேர். நீங்க வந்து பாருங்க. மழை விடல.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சாரதியை அழைக்கச் சொன்னார். என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பண்டாரவளை தாண்டியும் மழை விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ரோட்டில் விழுந்து கிடந்த மண்ணைப் பார்க்கும்போது, நான் இழுத்துவிட்ட அரை நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெடிப்பு முந்திய நாளைவிட அகன்றிருந்தது. அதிகாரி அளவுநாடாவை விட்டுப் பார்த்து, அங்கேயே நின்று கிராம சேவகரை அழைத்தார். இருட்டுவதற்குள் அந்த லயத்தின் பன்னிரண்டு குடும்பங்களும் பாடசாலைக்கு இறங்கின. அக்கா அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“குடை இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே தம்பி. எங்களுக்கு அழகான படமாங்க வேணும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான்காம் நாள் வெடிப்புக்குக் கீழே இருந்த மண் சரிந்து, லயத்தின் கடைசி இரண்டு காம்பரா வீடுகளை மூடியது. உள்ளே யாரும் இல்லை. குடும்பங்கள் இன்னும் மாற்று இடத்துக்குக் காத்திருக்கின்றன. பத்திரிகை பல மாதம் கழித்து மறுபடி படம் கேட்டது. எடுக்கிற படத்தைத் தொடாமல் அனுப்புகிறேன். ஆனால் மழை பிடித்துக்கொண்டால், அந்த அரை நாள் முழு நாளாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.