எட்டு நாள் முன்னதாக வந்த பணம்

ஆஸ்பத்திரிப் பணம் அந்த மாதம் பத்தாம் தேதிக்குப் பதில் இரண்டாம் தேதியே வந்து விழுந்தது. சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அதை நடத்துகிற அக்கா மட்டும் நாள்காட்டியை இரண்டு முறை பார்த்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பணம் வந்ததுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" என்றார் கணவர். ஆஸ்பத்திரியிலிருந்து அழுக்கு மூட்டைகளை வேனில் கொண்டுவந்து, வெளுத்த துணிகளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. எதிலும் நல்லதையே பார்க்கிற மனுஷர்.

"லேட்டா வந்தா ஏன்னு கேக்கலாம். சீக்கிரம் வந்தா என்னன்னு கேக்குறது?"

"கேக்க வேணாம். வாங்கிக்க."

இஸ்திரி போடுகிற வேலைக்காரப் பெரியம்மா, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். "இவளுக்குப் பணம் வராட்டியும் தூக்கம் வராது, வந்தாலும் தூக்கம் வராது. கட்டிக்கிட்ட நீதாம்ப்பா பாவம்."

அக்காவும் சிரித்துவைத்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

தெருவில் அவளுக்குப் பெயரே பத்தாம் தேதி அக்கா. நர்சுகளின் சீருடையைக் கையால் துவைத்துக் கொடுத்து ஆரம்பித்தவள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெடித்த காலத்திலேயே, யார் பாக்கி கேட்டு வந்தாலும் "பத்தாம் தேதி வாங்க" என்பாள். வந்தால் பணம் இருக்கும். ஆஸ்பத்திரி அந்தத் தேதியில் தவறாமல் கொடுத்தது. அவளும் தவறாமல் கொடுத்தாள். இப்போது இரண்டு பெரிய மெஷின், விறகில் எரிகிற ஒரு கொதிகலன், ஏழு ஆள். ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி முழுக்க அவளிடம்தான் வரும். கொதிகலன் ஒரு நாள் அணைந்தால் மறுநாள் காலை தியேட்டருக்குத் துணி போகாது. போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்கு மேல் அவளிடம் பிழைப்பு என்று எதுவும் கிடையாது.

இதுவரை அவள் வழி சுலபமாக இருந்தது. சனிக்கிழமை கூலி, வாரத்தில் இரண்டு வண்டி விறகு, சோப்பு. எல்லாமே கைக்காசாகத்தான் கொடுக்க வேண்டும்; விறகுக்கும் சோப்புக்கும் பாக்கி நின்றால் பத்தாம் தேதி தீர்ந்துவிடும். பணம் வரும் நாள் தெரியும் என்பதால், அடுத்த பத்தாம் தேதி வரைக்குமான செலவை எடுத்துவைத்து, அதற்கு மேல் அவசரத்துக்கென்று ஒரு வாரச் செலவை மட்டும் பிஸ்கட் டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பாள். மிச்சமெல்லாம் பாங்கில் வைப்பு நிதியாகப் போகும். வட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. துணி உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பது இருவருக்கும் பல வருஷ ஆசை. மழைக்காலத்தில் போர்வைகள் காயாமல் வாடை அடித்து, ஆஸ்பத்திரியில் பேச்சு வாங்குவது நிற்குமே.

இரண்டாம் தேதி பணம் வந்த உற்சாகத்தில் கணவர் நேரே மெஷின் விற்பவரிடம் போய், பழசு ஒன்றுக்கு விலை பேசிவிட்டு வந்தார்.

"முன்பணம் மட்டும் கொடுத்தா போதும். நம்ம வைப்பு நிதியே போதும்."

"வேண்டாங்க. இந்த மாசம் பொறுங்க."

அடுத்த மாதம் பத்தாம் தேதி வந்தது, பணம் வரவில்லை. பதினைந்து போயிற்று, இருபது போயிற்று. இருபத்துநாலாம் தேதிதான் பணம் வந்தது. டப்பாவில் கடைசியாக இருந்த நோட்டுகளை வைத்துத்தான் அதற்கு முந்தைய சனிக்கிழமைக் கூலி கொடுத்திருந்தாள். அதற்கு அடுத்த மாதம் ஆறாம் தேதி. மூன்று மாதமும் முழுப் பணம். ஒரு காசு குறையவில்லை.

"பாத்தியா?" என்றார் கணவர், சோற்றைப் பிசைந்தபடி. "ரெண்டு, இருபத்துநாலு, ஆறு. கூட்டி வகுத்தா அதே பத்தாம் தேதி பக்கம்தான் வருது. வருமானம் எங்க குறைஞ்சுது?"

"கூட்டி வகுத்தா வருது. சனிக்கிழமை கூலியக் கூட்டி வகுத்தா கொடுப்பீங்க? அன்னிக்குக் கையில இருக்கணும்ங்க. எப்ப வரும்னு தெரிஞ்சா ஒரு வாரத்துப் பணம் போதும். தெரியாதபோது, எத்தன நாள் இழுத்தடிக்கும்னு பயப்படுறேனோ அத்தன நாளுக்கும் வச்சிருக்கணும்."

"சும்மா கிடக்கிற பணம் குட்டி போடாது."

"போட வேணாம். ஓடிப் போகாம இருந்தா போதும்."

மறுநாளே பாங்குக்குப் போய் வைப்பு நிதியைப் பாதியில் உடைத்தாள். வட்டியில் ஒரு பங்கு வெட்டுப்பட்டது. கவுன்டரில் இருந்த பெண் இரண்டு முறை கேட்டாள்: "இன்னும் நாலு மாசம்தாம்மா. நஷ்டம் உங்களுக்குத்தான். பரவாயில்லையா?" நஷ்டம் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள். டப்பா போதவில்லை, மாவு வைக்கும் தூக்குவாளி வந்தது. மெஷினை வேறொருவர் வாங்கிப் போனார். கணவர் இரண்டு நாள் சாப்பாட்டை வேனிலேயே முடித்துக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. கூடமெங்கும் கயிறு கட்டித் தொங்கிய ஈரப் போர்வைகளை விலக்கிக்கொண்டு நடக்கும்போது, ஒவ்வொன்றும் அவள் தோளில் குளிர்ச்சியாக ஒட்டி விலகியது.

அதன் பிறகு வந்த பத்தாம் தேதியும் வெறுமனே போயிற்று. அக்கா வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்கே போனாள்.

கணக்குப்பிரிவு அதிகாரி எப்போதும் "வாங்கம்மா, டீ சொல்லவா?" என்பவர். அன்று தலையைத் தூக்கவில்லை. அவர் எதையோ தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தபோது அவள் பார்த்துவிட்டாள். உள்ளே கட்டாகக் காசோலைகள். மேலே இருந்ததில் அவளுடைய சலவைக்கூடத்தின் பெயர்.

"சார், எழுதியே வச்சிருக்கீங்க."

அவர் இழுப்பறையை மெல்ல மூடினார். "எழுதியாச்சு, கையெழுத்தும் ஆச்சு. வெளிய விடத்தான் உத்தரவு இல்ல."

"பணம் இல்லையா சார்?"

"இருக்கு. அதான் சொல்ல வெக்கமா இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "இன்சூரன்ஸ் கம்பெனி எப்பக் குடுக்கும்னு தெரியல. ஒரு மாசம் மொத்தமாக் குடுக்கிறான், ஒரு மாசம் வாயே திறக்கல. ஆக்சிஜன்காரன் ரொக்கம் வச்சாத்தான் சிலிண்டர் எறக்குறான். அதனால கையில எப்பவும் இவ்வளவு இருக்கணும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். அது கீழ போனா எதையும் வெளிய விடக்கூடாது. மேல ஏறினா அன்னிக்கே விட்டுருவேன். உங்களுக்கு ரெண்டாம் தேதி வந்துச்சே, அப்படித்தான்."

அரிசிப் பானைக்குப் பின்னால் அவள் வைத்திருக்கும் தூக்குவாளி, இங்கே இழுப்பறையாக இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே வந்தபோது வராந்தாவில் மருந்துக்காரர், சமையல் ஒப்பந்தக்காரர், கட்டில் பழுது பார்ப்பவர் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டு வாசலில் விறகுக்காரர் காத்திருந்தார். போன இரண்டு வாரத்துப் பாக்கி.

"என்ன தங்கச்சி, மழையில விறகு நனையாம கொண்டாந்து போட்டேன் பாத்தியா? உனக்காகத் தார்ப்பாய் புதுசு."

உள்ளே தூக்குவாளியில் பணம் இருந்தது. அவருக்குக் கொடுத்துவிட்டு இன்னும் நான்கு சனிக்கிழமை சமாளிக்கலாம். ஆனால் ஐந்தாவது? இழுப்பறை திறந்து மூடிய சத்தம் காதிலேயே இருந்தது.

"அண்ணே, அடுத்த வாரம் வாங்களேன்."

விறகுக்காரர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு சிரிப்பு மெல்ல இறங்கியது. "பத்தாம் தேதி தாண்டிருச்சே தங்கச்சி."

"ஆஸ்பத்திரியில இன்னும் விடலண்ணே."

பொய் இல்லை. ஆனாலும் கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவரை வெறுங்கையோடு அனுப்பியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் தார்ப்பாயை மடித்துக்கொண்டு மழையில் போனார். அடுத்த வாரமும் வந்தார். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். இரண்டாம் தடவை சொல்ல நாக்குக் கூசவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி அந்த மாதம் முழுக்கக் கொடுக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு பேருக்கும் கூலி போயிற்று. சோப்புக்காரர் இப்போது கைமேல் காசு கேட்டார், அதுவும் போயிற்று. கணவரே ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார்: "அந்த மெஷின வாங்கியிருந்தா இந்நேரம் தெருவுல நின்னிருப்போம்."

மறுநாள் காலை விறகு வண்டி வரவில்லை.

கொதிகலனுக்குப் பக்கத்தில் எட்டுப் பத்துக் கட்டைகள்தான் கிடந்தன. தொட்டிகளில் தியேட்டர் துணிகள் ஊறி, தண்ணீர் செம்பழுப்பாக நின்றது. அக்கா தூக்குவாளியிலிருந்து பழைய பாக்கி முழுவதையும், மேலும் கொஞ்சத்தையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு விறகுக் கடைக்கு ஓடினாள். கடையில் பாதி இடம் காலியாக இருந்தது.

"அண்ணே, மொத்தப் பாக்கியும் இந்தாங்க. இப்பவே ஒரு வண்டி போடுங்க."

அவர் எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. "வந்தது பாதி லோடுதான். அதுவும் ரொக்கம் வச்ச செங்கல் சூளைக்குப் போயிருச்சு."

"ஏன் பாதி?"

"முழு லோடு எடுத்தா கையில ஒண்ணும் நிக்காது தங்கச்சி. உன்னோட பத்தாம் தேதிய நம்பித்தான் இத்தன வருஷமா நான் கையில எதுவும் வச்சுக்கல. வர்றதை எல்லாம் கட்டையா வாங்கிப் போட்டேன். இப்ப வச்சுக்கிறேன்." காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டிச் சொன்னார், "நாளைக்குப் போடுறேன். முன்பணம் வச்சிட்டுப் போ."

முன்பணம் வைத்தாள். தூக்குவாளியை நிரப்பும்போது விறகுக்கு முன்பணம் என்று எதையும் அவள் கணக்கில் எடுக்கவில்லை. இனி எடுக்க வேண்டும். வாளி இன்னும் பெரிதாக வேண்டும்.

அன்று கணவர் வேனைத் தச்சுப் பட்டறைக்கு ஓட்டி, மூட்டை மூட்டையாகத் துண்டுக் கட்டைகளை வாங்கி வந்தார். ஒவ்வொரு கட்டையாகப் போட்டுக் கொதிகலனை உயிரோடு வைத்தார்கள். மறுநாள் காலை தியேட்டர் துணி போயிற்று; ஈரம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் போயிற்று. திரும்பி வந்த கணவர் வேனிலிருந்து இறங்கும் முன்பே கத்தினார்.

"ரெண்டு மாசத்துப் பணமும் சேர்த்துப் போட்டுட்டாங்க! இன்சூரன்ஸ் வந்துருச்சாம்! விடிஞ்சுதுடி நமக்கு!"

பெரியம்மா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் கை தட்டினாள். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "சத்தமாச் சொல்லாதீங்க. வேனைத் திருப்புங்க, பாங்குக்குப் போகணும்."

"போடத்தானே? வைப்பு நிதியிலயா?"

"எடுக்க."

பாங்கில் பணம் கட்டுகிற கவுன்டருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அங்கே இருந்த பெண் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். எடுக்கிற வரிசை கதவைத் தாண்டிப் படிக்கட்டு வரை வந்து நின்றது. மருந்துக்காரர் நின்றார், சமையல் ஒப்பந்தக்காரர் நின்றார். அவருக்கு முன்னால், முதிராத வைப்பு நிதிச் சீட்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி சோப்புக்காரர். அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். கேட்க வேண்டியது எதுவும் இருவருக்கும் இருக்கவில்லை. அக்கா காலிப் பையை மார்போடு இறுக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். சிறிது நேரத்தில் அவளுக்குப் பின்னால் விறகுக்காரரின் புதுத் தார்ப்பாய் வாசனை வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.