ஒரு மணி நேரம் குறைந்த குப்பி

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ரொறன்ரோவில் சைக்ளோட்ரோன் என்ற துகள் முடுக்கி இருந்த ஒரு கூடத்தில் வேலை செய்தேன். அங்கே புரோத்தன் கற்றையை விசேட நீரின் மேல் பாய்ச்சி, கதிர்வீசும் புளோரீன்-18 எடுப்போம். அதைக் குளுக்கோசு போன்ற ஒரு பொருளோடு சேர்த்தால் PET படம் எடுப்பதற்கான மருந்து கிடைக்கும். சீனியை அதிகம் விழுங்கும் இடங்களை, உதாரணமாகப் புற்றுநோய்க் கட்டிகளை, அது படத்தில் காட்டிக்கொடுக்கும். மருந்தைச் செய்வது எங்கள் வேதியியலாளர், ஹங்கேரியில் பிறந்த ஒரு பெண்மணி. எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தக் குப்பியில் என்று கணக்குப் பார்த்து அனுப்புவது என் வேலை.

கணக்கு கடினமானதல்ல. புளோரீன்-18 நூற்றுப்பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அது கண்ணாடிக் குப்பியிலும் பாதியாகும், ஈயப் பெட்டிக்குள்ளும் பாதியாகும், 401 நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும்போதும் பாதியாகும். யாருக்காகவும் நிற்காது. அதனால் தூர ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, அங்கே ஊசி போடும் நேரத்தில் எவ்வளவு தேவையோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரவேண்டும். நான் சின்ன அட்டவணை ஒன்று போட்டு வைத்திருந்தேன். இடப்பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் நிமிடங்கள், வலப்பக்கம் எத்தனை மடங்கு கூட எடுக்கவேண்டும் என்பது. நூற்றுப்பத்துக்கு இரண்டு மடங்கு, இருநூற்றிருபதுக்கு நான்கு மடங்கு.

கொண்டுபோய்க் கொடுப்பவர் ஓர் அண்ணை. மல்வேர்னில் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தார். பல வருடம் விமான நிலையத்துக்கு டக்ஸி ஓட்டிவிட்டு, ஆபத்தான பொருட்கள் ஏற்றும் பயிற்சி எடுத்து எங்களிடம் வந்தவர். வான் வண்டிக்குள் ஈயப் பெட்டியைப் பட்டியால் கட்டும்போது தன் பிள்ளைக்குக் கார் சீற்றில் பட்டி மாட்டுவதுபோலக் கட்டுவார். இழுத்துப் பார்ப்பார், திருப்தியில்லாமல் இன்னொருதரம் இழுத்துப் பார்ப்பார்.

அந்த ஒக்டோபரில் கிழக்கே, வான் வண்டியில் மூன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரி முதன்முதலாக மருந்து கேட்டது. அவர்கள் தங்கள் காமா கமெராவை PET படமும் எடுக்கத்தக்கதாக மாற்றியிருந்தார்கள். முதல் நாளிலேயே இரண்டு நோயாளிகள். பதினொன்று நாற்பதுக்குக் குப்பியில் முப்பது மில்லிகியூரி கதிர்ப்பு இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் வசதியான நாள் ஒரு திங்கட்கிழமை என்று முடிவானது. அதற்கு முதல்நாள் ஞாயிறு மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும் நாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும், அதனால் என்ன என்றுதான் நினைத்திருப்போம். நானே ஞாயிறு காலை அஜின்கோர்ட் வீட்டில் சமையலறை மணிக்கூட்டையும் என் கைக்கடிகாரத்தையும் திருப்பினேன்.

திங்கள் காலை ஐந்துக்குக் கற்றை ஓடத் தொடங்கியது. ஏழு மணிபோல மருந்து தயார். வேதியியலாளர் தரப் பரிசோதனைகளை முடித்து, "சுத்தமாக இருக்கிறது, எடு" என்றார். ஈயச் சுவருக்குப் பின்னால் குப்பியைக் கதிர்ப்பு அளக்கும் கருவிக்குள் இறக்கினேன். அது அளவோடு நேரத்தையும் ஒரு சிறிய சீட்டில் அடித்துத் தரும். அந்த அறையில் சுவர் மணிக்கூடு இல்லை. கையுறைக்கும் நீள்கைச் சட்டைக்கும் அடியில் என் கைக்கடிகாரம் மறைந்திருந்தது. சீட்டு ஒன்பது மணி என்றது. பதினொன்று நாற்பதுக்கு நூற்றறுபது நிமிடம். அட்டவணையில் இரண்டே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. எண்பத்திரண்டு மில்லிகியூரி எடுத்தேன். லேபிளில் '9:00க்கு 82' என்று எழுதினேன். வேதியியலாளர் சீட்டையும் லேபிளையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டார். இரண்டும் பொருந்தின.

அண்ணை பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். லேபிளில் எழுதும் நேரம் அனுப்பும் நேரத்துக்குப் பிந்தியதாக இருப்பது எங்கள் வேலையில் சாதாரணம். அதனால் ஒருவருக்கும் கண்ணில் குத்தவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்னர் தொலைபேசி அடித்தது. அந்த ஆஸ்பத்திரியின் பௌதிகவியலாளர். மெதுவாகப் பேசும் மனிதர், அன்று வேகமாகப் பேசினார்.

"உங்கள் குப்பி வந்துவிட்டது. பதினொன்று நாற்பதுக்கு முப்பது இருக்கவேண்டும். இருபதரைதான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு காணவில்லை."

"உங்கள் கருவி சரியா?"

"காலையில் சோதித்தோம், சரி. கசிந்திருக்குமோ என்று பயப்படுகிறோம். வாகனத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஓட்டுநரையும்."

அண்ணை மூன்றரை மணி நேரம் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து வான் ஓட்டியவர். "அவரிடம் கொடுங்கள்" என்றேன்.

"பிள்ளை, என்ரை சப்பாத்தைக் கழட்டிப்போட்டினம்" என்றார் அண்ணை. "காலிலை மேசோடை மட்டும் நிக்கிறன். ஒரு பெட்டை கையிலை மெசின் வைச்சுக்கொண்டு காலிலையிருந்து தலைவரைக்கும் பாக்குது. சத்தம் ஒண்டும் போடேல்லை."

"ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை. பெட்டியும் காய்ஞ்சுதான் கிடக்கு. நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

அவர் அதைக் கேட்ட விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பயந்து கேட்கவில்லை. பிழை தன்னுடையதாக இருந்தால் எனக்குச் சொல்லச் சங்கடமாக இருக்குமே என்று, எனக்காகக் கேட்டார்.

"இல்லை அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

கசிந்திருந்தால் அது எங்கேயாவது இருக்கவேண்டும். பெட்டியில், வானில், சப்பாத்தில். எங்கும் இல்லை. இல்லாத பொருள் எப்படித் தொலையும்? தற்செயலாகத்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"அண்ணை, இஞ்சையிருந்து எத்தினைக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

"எட்டுப் பத்து. கடுதாசியிலை எழுதியிருக்கு."

"எட்டுப் பத்தோ? ஒம்பது பத்து இல்லையோ?"

"ஒம்பது பத்துக்கு நான் 401இலை எவ்வளவோ தூரம் வந்திட்டன், பிள்ளை."

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அளக்கும் அறைக்கு ஓடினேன். கருவியின் சிறிய திரையில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. கையுறையில்லாத என் கையில் பதினொன்று ஐம்பத்திரண்டு. அந்தக் கருவியின் மணிக்கூட்டை ஒருவரும் திருப்பவில்லை. அது இன்னும் கோடை நேரத்தில் இருந்தது.

உண்மையில் நான் எட்டு மணிக்கு அளந்திருக்கிறேன். மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு நூற்றறுபது நிமிடம் போதாது என்பதுகூட, அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது உறைக்கவில்லை. இருநூற்றிருபது நிமிடம், சரியாக நான்கு மடங்கு, நூற்றிருபது அனுப்பியிருக்கவேண்டும். எண்பத்திரண்டு அனுப்பினேன். எண்பத்திரண்டில் கால்வாசி இருபதரை. ஒரு துளியும் கசியவில்லை. காணாமல்போனதென்று அவர்கள் தேடிய மருந்து எங்கள் ஈயச் சுவருக்குப் பின்னால், மிச்சக் குப்பிக்குள் கிடந்தது. அதுவும் இந்நேரம் கால்வாசிதான். இனி அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் அந்தக் காலிலும் கால்வாசிதான் மிஞ்சும்.

திரும்பி வந்து பௌதிகவியலாளரிடம் சொன்னேன். "கசிவு இல்லை. எங்கள் கருவியின் மணிக்கூடு ஒரு மணி நேரம் முன்னால் நிற்கிறது. லேபிளில் ஒன்பது என்பதை எட்டு என்று எடுத்துக் கணக்குப் பாருங்கள். பிழை என்னுடையது."

மறுமுனையில் கல்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நீளமாக ஒரு மூச்சு. "இருபதரை" என்றார். "அச்சாக வருகிறது. நீங்கள் சொன்னதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. இரண்டு நோயாளிகள் முதல்நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்தார்கள். அந்தக் கமெராவில் ஒருவர் முடிந்த பிறகுதான் மற்றவர். இரண்டாமவருக்கு ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் ஊசி. அதற்குள் இருப்பது இன்னும் குறையும். பத்துப் பத்தாகப் போட வழியில்லை. தொலைபேசியில் இருந்தபடியே இருவரும் கணக்குப் போட்டோம். இப்போது பத்தொன்பது இருக்கிறது. முதலாமவருக்கு உடனே எட்டு. மிச்சம் பதினொன்று ஒன்றேகால் மணி நேரத்தில் ஏழாகும், அதை இரண்டாமவருக்கு. கமெராவுக்குக் கீழே இருவரையும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் படுக்க வைத்தால் படம் தெளிவாக வரலாம். அவர்களுடைய மருத்துவரிடம் கேட்கப் போனார். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றேன். பின்னால் வந்து நின்ற வேதியியலாளர் என் தோளில் கை வைத்தார்.

"மருத்துவர் சரி என்கிறார். முதல் ஊசியை ஏற்றுகிறோம்" என்று குரல் வந்தது.

மாலை ஆறு மணிபோல அண்ணை வெற்றுப் பெட்டியோடு திரும்பி வந்தார். சப்பாத்து காலில் இருந்தது. நான் வாசலுக்கே போனேன்.

"அண்ணை, என்னாலைதான் உங்களுக்கு இந்தக் கரைச்சல்."

"என்ன கரைச்சல்?" என்றார். "மேசோடை இருந்த நேரம் பக்கத்திலை ஒரு வெள்ளைக்கார அங்கிள். அவரின்ரை மனிசிதான் ரெண்டாவது ஊசிக்கு இருந்தவ. மனிசி சாப்பிடேலாது எண்டு தானும் சாப்பிடாமல் இருந்தவர். நான் எங்கையிருந்து வந்தனான், உந்தப் பெட்டிக்குள்ளை என்ன எண்டெல்லாம் கேட்டார். உங்கடை மனிசியின்ரை மருந்து எண்டு சொன்னன். எழும்பி வந்து கையைக் குடுத்தார், பிள்ளை. நான் வெளிக்கிடேக்குள்ளை அந்த மனிசியைக் கமெராவுக்குக் கொண்டு போச்சினம். எனக்கும் கை காட்டினவ."

மறுநாள் பௌதிகவியலாளர் அழைத்தார். இரண்டு படங்களும் வாசிக்கக்கூடியனவாக இருந்தன. அந்த அம்மாவின் படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்திருந்தாலும் மருத்துவருக்குத் தேவையானது தெரிந்தது என்றார். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அது எனக்குரியதல்ல.

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். "ஒரே சீட்டை நாங்கள் இருவரும் பார்த்தோம். அது சரிபார்ப்பல்ல, ஒரே பிழையை இரண்டு தரம் வாசித்தது" என்று சொல்லி வேதியியலாளரும் கையெழுத்திட்டார். அளக்கும் அறைச் சுவரில் பெரிய மணிக்கூடு ஒன்றை மாட்டினோம். லேபிளில் கையெழுத்திடுபவர் சீட்டைப் பார்க்கக்கூடாது, அந்த மணிக்கூட்டைத்தான் பார்க்கவேண்டும் என்று எழுதி ஒட்டினோம்.

அண்ணை தன் பங்குக்கு ஒரு வழக்கத்தைத் தொடக்கினார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு இருந்த நான்கு வருடமும், பட்டியை இரண்டாம் தரம் இழுத்துப் பார்த்த கையோடு, வான் கதவைச் சாத்த முன்னம் தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"பிள்ளை, இப்ப எத்தினை மணி?"

"எட்டு, அண்ணை."

"லேபிள் என்ன சொல்லுது?"

"அதுவும் எட்டுத்தான்."

"அப்ப நான் போயிட்டு வாறன்."