சீன எழுத்தில் ஒரு கேமரா

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வார ஓய்வு. நாலரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காய்ச்சினேன். ஆறு மணிக்கு மனைவியை எழுப்பிப் பல் தேய்க்க வைத்தேன். ஆறேகாலுக்கு இருவரும் காப்பி குடித்தோம். ஏழு மணிக்குத் தலைவாரி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். எட்டு மணிக்குள் இரண்டு மாத்திரை. வெந்தயக் கீரை வாங்க வேண்டும் என்று எழுதிவைத்தேன், வாங்கவில்லை.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. மறதி நோய் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பிளாக்கில் எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. கேட், இரண்டு படி, இடது பக்கம் ஜன்னல். ஏப்ரலில் ஒரு காலை அவள் அடுத்த தெருவில் அதேபோன்ற ஒரு வீட்டுக்குள் போய், அவர்கள் கட்டிலில் படுத்துவிட்டாள். அதன்பின் மூன்று தடவை வெளியே போயிருக்கிறாள்.

எனக்கு அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி அனுப்பும் மைன்ஸில், கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் வேலை. அடுத்த நாள் முதல் ஷிப்ட். பஸ் ஐந்தேகாலுக்கு. சம்பளத்துக்கு அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மா எட்டு மணிக்குத்தான் வருவார். இடையில் இரண்டே முக்கால் மணி நேரம். லீவு தீர்ந்துவிட்டது. வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொல்லி அவள் தம்பி மூன்று முறை சொல்லிவிட்டான். பூட்டமாட்டேன் என்று மூன்று முறையும் சொன்னேன். அதற்காகத்தான் கேமரா. போனில் பார்த்துக்கொண்டிருந்து, அவள் வாசலுக்கு நகர்ந்தால் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு போன் செய்வேன். அவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

கேமராவை வடலூரில் ஒரு கடையில் முந்தின நாள் வாங்கினேன். பெட்டி முழுக்கச் சீன எழுத்து. "பெட்டிதான் சார் சைனா. உள்ள எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். உள்ளேயும் சைனாதான். பெட்டியிலிருந்த க்யூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்து இறக்கிய ஆப்பில் ஆங்கிலம் ஓர் எழுத்துகூட இல்லை. மொழி மாற்றும் இடமும் இல்லை.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்தார். விருத்தாசலம் பக்கத்துக்காரர். என் மனைவியின் போனில் மொழிபெயர்க்கும் வசதியைத் திறந்து, என் போனின் திரைமேல் பிடித்துக்கொண்டார். எழுத்துகள் நடுங்கி நடுங்கித் தமிழாயின. ஒவ்வொரு பொத்தானையும் எந்த மூலையில், என்ன நிறத்தில், என்ன பொருளில் என்று நோட்டில் படம் போட்டு எழுதினேன். கணக்குத் தொடங்க நாட்டு எண்ணை 86-லிருந்து 91 ஆக்கினேன், ஓ.டி.பி. வந்தது. வலது மேல் மூலையில் கூட்டல் குறி. அதன்பின் கேமராவின் அடியிலுள்ள துளையில் ஊசியால் அழுத்தினேன். ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. கேமரா உரக்க ஒரு பெண் குரலில் சீனம் பேசியது.

மனைவி நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு வந்திருக்கறது? டீ குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு."

"நம்ம ஊரு பாஷை தெரியல போலக்கீது, பாவம்."

வைஃபை பாஸ்வேர்டைப் போட்டதும் திரையில் பெரிய கட்டம் வந்தது. அதைக் கேமரா கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் காட்டவேண்டும். காட்டினேன். டிங் என்றது. இரண்டு நிமிடம் கழித்துத் திரையில் சிவப்பு எழுத்து. தங்கச்சி போனைப் பிடித்துப் படித்தார்.

"மின் விநியோகக் கட்டமைப்பு தோல்வி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, ஊருக்கே கரண்டு அனுப்பிக்கினு கீறோம். நம்ம வூட்டுல மின் விநியோகம் தோல்வியாம்" என்று சிரித்தார். வைஃபையில் சேரவில்லை என்பதைத்தான் அந்த மொழிபெயர்ப்பு அப்படிச் சொல்கிறது என்று பிறகு ஊகித்தோம்.

நான்கு தடவை அதேதான். நோட்டில் எழுதுவதற்குள் நேரம் முடிந்து, கேமரா காத்திருப்பதை விட்டுவிடும், மறுபடி ஊசி. ஐந்தாம் தடவை திரையின் அடியில் சின்ன எழுத்தில் "5ஜி ஆதரிக்கப்படாது" என்று இருந்ததைப் பார்த்தோம். போனின் சிம்மை 4ஜிக்கு மாற்றினேன். அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. தங்கச்சிதான் கடைசியில் கேட்டார். "அண்ணே, வைஃபைல ரெண்டு பேரு காட்டுதே. ஒண்ணு பின்னாடி 5ஜின்னு கீது. அதுலயா இருக்கீங்க?"

அதில்தான் இருந்தேன். சிம்முக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொரு பெயருக்கு மாறி, கட்டத்தைக் காட்டினேன். விளக்கு நீலமாகி, மினுக்கி, நிலையாக நின்றது. பன்னிரண்டு இருபது. போனில் எங்கள் கூடம் தெரிந்தது. நாற்காலியில் மனைவி. கையை ஆட்டச் சொன்னேன், ஆட்டினாள். படத்திலும் ஆட்டினாள். தங்கச்சி கைதட்டினார். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நான்கு மணிக்கு ஒத்திகை. தங்கச்சி தன் வீட்டில் என் அழைப்புக்குக் காத்திருக்க, நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, போனின் நெட்டில் ஆப்பைத் திறந்தேன். மனைவி நாற்காலியில், கை மடிமேல். படத்தின் கீழே சின்ன வட்டமும் சில சீன எழுத்துகளும். அந்த எழுத்துகள் நோட்டில் இல்லை. வீட்டில் அவை வந்தவுடன் மறைந்துவிட்டிருந்தன.

அவள் அசையவில்லை. அதில் வியப்பில்லை, ஒரு மணி நேரம்கூட அப்படியே உட்கார்ந்திருப்பாள். இரண்டு மாதத்தில் முதல் முறையாக, வீட்டுக்கு வெளியே நின்றபடி பயமில்லாமல் இருந்தேன். பதினொரு நிமிடம். கடிகாரத்தில் பார்த்தது.

செருப்புச் சத்தம் இல்லாமல் யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். திரும்பினேன். வெறுங்காலோடு அவள்.

"பஸ்ஸு போயிடுச்சா?" என்றாள்.

போனைப் பார்த்தேன். அதில் நாற்காலியில் இருந்தாள். கை மடிமேல்.

பிடித்து அழைத்து வந்தேன். தங்கச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நீங்க கூப்புடவே இல்லியேண்ணே. போனைத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்று அழுதார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை என்றேன். மறுபடி போனின் நெட்டுக்கு மாறி, அந்த எழுத்துகளை அவர் கையிலிருந்த போனால் படித்தோம். 'இணைக்கப்படுகிறது. கடைசியாகச் சேமித்த படம்.'

கடைக்காரரைக் கூப்பிட்டேன். "சைனா செட்டு சார், அவங்க சர்வர் வழியா வரணும். வூட்டு வைஃபைல நல்லா வரும். வெளியிலேருந்து சில பேருக்கு வருது, சில பேருக்கு வரல."

"மாத்திக் குடுங்க."

"இதுதான் சார் இருக்கு."

ஏழு மணி வரை போனின் நெட்டில் ஒன்பது முறை திறந்து பார்த்தேன். இரண்டு முறை படம் உயிரோடு வந்தது. ஏழு முறை வட்டம் சுற்றியது. எது எப்போது வரும் என்பதில் ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதினேன். எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது எழுதும்போதே தெரிந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நான் வரைந்த சீன எழுத்துகளைப் பார்த்து, "கோலம் நல்லாருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை நாலரைக்கு எழுந்தேன். முதலில் சமையலறைக்குப் போய் சிலிண்டர் வால்வை மூடினேன். குடிக்கத் தண்ணீரும் நான்கு பிஸ்கட்டும் கட்டிலருகே வைத்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டினேன். சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்தேன்.